ரயிலில் போன் பேச்சு: கைவிட்டுப் பிடிப்பதா, பிடித்துக்கொண்டு விடுவதா?

110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயில் நொடிக்கு சுமார் 30 மீட்டர் நகர்கிறது. பேச்சு அறுபடாமல் டவர் மாற இரண்டு வழிகள் உண்டு.

3ஜியில், பழைய டவரை விடாமலே போன் புதிய டவரையும் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச தூரம் இரண்டும் ஒரே பேச்சைச் சுமக்கும். ஒன்று மங்கினாலும் மற்றது தாங்கும். ஆனால் ஒரு ஆளுக்கு இரண்டு டவரில் இடம் போகிறது.

4ஜியில் ஒரு நேரத்தில் ஒரே டவர்தான். பக்கத்து டவரின் சிக்னல், உதாரணமாக, பழையதைவிட 3 டெசிபல் கூடுதலாக 320 மில்லி நொடி தொடர்ந்து இருந்தால் போன் பழைய டவருக்குத் தகவல் அனுப்பும். அதற்குள் ரயில் 10 மீட்டர் போயிருக்கும். பழைய டவர் புதியதிடம் இடம் கேட்டு வாங்கி, "அங்கே போ" என்று கட்டளை தரும். போன் அறுத்துக்கொண்டு தாவும். இடைவெளி பெரும்பாலும் 50 மில்லி நொடி அளவுதான், காதுக்குத் தெரியாது.

சிக்கல் அந்தக் கட்டளையில்தான். மலைவெட்டுக்குள் ரயில் சட்டென நுழைந்தால், கட்டளை வருவதற்குள் பழைய டவர் மறைந்துவிடும். போன் தானாக வேறு டவரைத் தேடும். ஓரிரு நொடி மௌனத்துக்குப் பின் குரல் திரும்பினால், நடந்தது இதுவாக இருக்கலாம். அந்த 320 மில்லி நொடி காத்திருப்பைக் குறைக்கலாமே என்றால், போன் இரண்டு டவருக்கும் இடையே மாறி மாறித் தாவத் தொடங்கும்.

ரயிலில் பேச மட்டும் என்றால் எனக்கு 3ஜி முறைதான் பிடிக்கும். டேட்டாவுக்கு 4ஜி முறை சிக்கனம்.