வாடகை வீட்டு போட்டோவில் கட்டில் இருந்தால், முதலில் தரை டைல்ஸை எண்ணுங்கள்

கோவையிலிருந்து வேலை மாற்றலாகி வந்ததால், சென்னை மேடவாக்கத்தில் வீட்டை விளம்பரப் படங்களை வைத்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது. பெட்ரூம் படத்தில் டபுள் காட், பெரிய பீரோ, ஜன்னலோரம் எழுதும் மேஜை எல்லாம் இருந்தும் நடக்கத் தாராளமாக இடம் தெரிந்தது. "இன்னிக்கே டோக்கன் போடுங்க சார், வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்றார் புரோக்கர். இருபதாயிரம் அனுப்பினோம்.

நேரில் போய்ப் பார்த்தபோது வீடு காலியாக இருந்ததில் வருத்தமில்லை. சாமான் எதுவும் கிடையாது என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். காலி அறையைப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் கட்டிலும் பீரோவும் சேர்த்திருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டுச் செய்தால் தப்பில்லை. ஆனால் இவர்கள் செய்தது வேறு.

தரையில் இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ், ஒரு பக்கத்துக்கு ஐந்து. அதாவது அறை பத்துக்குப் பத்து. படத்தில் அந்தக் கட்டில் இரண்டு டைல்ஸ் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. நீளம் மூன்று டைல்ஸ்கூட இல்லை. நிஜ டபுள் காட் ஐந்தடியோ ஆறடியோ அகலம், ஆறேகால், ஆறரை அடி நீளம் இருக்கும். எல்லாச் சாமானையும் சுருக்கி வரைந்து அறையைப் பெரிதாகக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் கட்டிலைப் போட்டால் கால்மாட்டில் மூன்றரை அடிதான் மிச்சம். அங்கே இரண்டடி ஆழ பீரோவை வைத்துவிட்டு அதன் கதவைத் திறந்து நிற்க முடியாது.

இன்னொன்று, படத்தில் பீரோ நின்ற இடத்தில் உண்மையில் பாத்ரூம் கதவு இருக்கிறது! அதை ஒட்டிய சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி பெயின்ட் உப்பி உதிர்கிறது. படத்தில் அந்தச் சுவர் பளிச்சென்று, அழகான ஓவியம் மாட்டியபடி இருந்தது. கட்டிலைச் சேர்ப்பது ஒன்று, ஓதத்தை அழிப்பது முழுப் பொய்.

படத்தைப் பெரிதாக்கி, சாமான்களின் கால்களைப் பாருங்கள். பளபளப்பான டைல்ஸில் ஜன்னல் வெளிச்சம் பிரதிபலிக்கும்போது கட்டில் கால் மட்டும் பிரதிபலிக்காவிட்டால் அது ஒட்டியது. நிழல் ஜன்னலை நோக்கி விழுந்தாலும் அப்படித்தான். கார்ப்பெட் விரித்து டைல்ஸை மறைத்திருந்தால் இன்னும் உஷாராக இருங்கள்.

பணம் போடும் முன் அதே கோணத்தில் எடுத்த காலி அறைப் படத்தைக் கேளுங்கள். அப்புறம் வீடியோ கால். வாசலில் ஆரம்பித்து நிறுத்தாமல் எல்லாக் கதவையும் திறந்து காட்டச் சொல்லுங்கள், பாத்ரூமை ஒட்டிய சுவர்களைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள், ஒரு சுவரையாவது டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். டோக்கன் திரும்பக் கிடைக்குமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பாதிதான் திரும்பி வந்தது. மீதியைக் கேட்டால், "படம் மாடலுக்குத்தான் சார்" என்கிறார் புரோக்கர்.