சிக்கிய பூட்டா, செத்த பூட்டா? ஸ்டியரிங் திரும்பாத காலையில் என்ன செய்வது

டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் தெருக்கள் மேடும் சரிவுமாக இருக்கும். வண்டி உருளாமலிருக்க முன் சக்கரத்தைத் திருப்பி ஓரக் கல்லில் முட்டவைத்து நிறுத்துவோம். அத்தை வீட்டு வாசலில் அப்படி நிறுத்திய மறுநாள் காலை பட்டனை அழுத்தினேன். திரையில் `Steering lock fault` என்று வந்தது, ஸ்டியரிங்கும் திரும்பவில்லை. "பூட்டு போயிடுச்சுப்பா, இழுவை வண்டியைக் கூப்பிடு" என்றார் அத்தை. நான் கூப்பிடவில்லை. பூட்டு போய்விட்டதா, சிக்கிக்கொண்டதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

பட்டன் வண்டிகள் பலவற்றில் ஸ்டியரிங் தண்டின் ஓரமாக ஒரு சின்ன மோட்டார் இருக்கும். வண்டியை அணைத்தபின் அது ஒரு இரும்புக் கட்டையைத் தண்டின் பள்ளத்துக்குள் தள்ளிவிடும். ஸ்டார்ட் செய்யும்போது கட்டையை வெளியே இழுத்து, திறந்தாயிற்று என்று தகவல் சொல்லும். அந்தத் தகவல் வராவிட்டால் இன்ஜினுக்கு அனுமதி கிடைக்காது. கட்டை சிக்கினாலும் மோட்டார் செத்தாலும் வருவது பெரும்பாலும் ஒரே செய்திதான். அதனால் திரையை விடக் காதை நம்புங்கள்.

பட்டனை அழுத்தியதும் 'விர்' என்று மோட்டார் முயல்கிற சத்தம் கேட்டால், கட்டை சிக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். கல்லில் முட்டிய சக்கரம் தண்டை முறுக்கி, பள்ளத்தின் விளிம்பைக் கட்டைமேல் அழுத்துகிறது. ஸ்டியரிங்கை இரு பக்கமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கல்லைப்போல நிற்கும், மறுபக்கம் கொஞ்சம் இடம் கொடுக்கும். இடம் கொடுக்கும் பக்கமாக லேசாகப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்துங்கள். முழு பலத்தோடு இழுத்தால் எதிர் விளிம்பு கட்டையைப் பிடித்துக்கொள்ளும். பலரும் தவறுவது இங்கேதான். எனக்கு இரண்டாவது முயற்சியில் 'டக்' என்று விடுபட்டது. சாவி வண்டியிலும் இதே வழிதான், பட்டனுக்குப் பதில் சாவியைத் திருப்ப வேண்டும்.

சத்தமே இல்லையென்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். பேட்டரி நன்றாக இருந்தும் ஒரு நாள் வேலை செய்து மறுநாள் ஊமையாகிறது என்றால், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ஸ்டியரிங் தண்டின் அடிப்பக்க மூடியில் லேசாகத் தட்டினால் ஒருமுறை உயிர் வரலாம். வந்தால் வண்டியை அணைக்காமல் நேரே மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். கட்டை வெளியே இருக்கும்போது கழற்றுவது எளிது. பூட்டிய நிலையில் மோட்டார் செத்துவிட்டால் வெட்டியோ துளைத்தோதான் எடுக்க வேண்டிவரும்.

அடுத்து, புதுப் பூட்டா, எமுலேட்டரா? புதுப் பூட்டுக்குச் செலவு கூடுதல், சாவியோடு கோடிங்கும் செய்ய வேண்டும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய பூட்டு பல மாடல்களில் அந்த வண்டியோடே பிணைந்திருக்கும், அப்படியே வாங்கி மாட்டினால் வேலை செய்யாது. எமுலேட்டர் என்பது, திறந்தாயிற்று என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெட்டி. மலிவு, மறுபடி சிக்காது, ஆனால் ஸ்டியரிங் பூட்டு என்பதே வண்டியில் இராது. இரவில் தெருவிலேயே நிற்கிற வண்டிக்கு நான் புதுப் பூட்டைத்தான் போடுவேன். கேட்டுக்குள் நிற்கிற பழைய வண்டியென்றால் எமுலேட்டர் போதும், இன்ஷூரன்ஸ்காரருக்கு மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.