கன்னடம் வழியாகவா, நேராகப் படுகா?

கோத்தகிரிப் பக்கம் படுகர் வீட்டுக்கு மருமகளாக வரும் தமிழ்ப்பெண் மூன்று விதமாக நடந்துகொள்ளலாம். தமிழிலேயே காலம் தள்ளலாம். ஹட்டி என்கிற படுகர் ஊரில் பெரும்பாலும் எல்லாருக்கும் தமிழ் வரும். ஆனால் உங்களிடம் தமிழில் பேசிவிட்டு, அடுத்த நொடியே தங்களுக்குள் தங்கள் மொழியான படுகுக்குப் போய்விடுவார்கள். அதனால் அதை விடுங்கள். மீதி இரண்டு: படுகுக்கு நெருக்கமான கன்னடம் படித்து அதன் வழியாகப் படுகுக்கு வருவது, அல்லது வீட்டிலேயே காதால் கற்பது. நான் இரண்டாவதில் போனேன், இன்றும் அந்தப் பக்கம்தான்.

கன்னடத்துக்கு வகுப்பும் புத்தகமும் தாராளமாகக் கிடைக்கும். படுகுக்கோ பரவலாகப் புழங்கும் தனி எழுத்து கிடையாது. ஒலி மாற்றமும் இரண்டுக்கும் ஒன்றுதான்: நம் பால் ஹாலு, பல் ஹல்லு, வா என்பது மெல்லொலியில் பா. கன்னட எழுத்தில் 'ப'வின் வன்மையும் மென்மையும் தனித்தனியாக நிற்கும். தமிழில் குறிப்பெடுக்கும் நான் மெல்லொலிக்கு அடியில் புள்ளி வைத்துக்கொள்கிறேன்.

இருந்தாலும், தினமும் யார் உங்களுக்குப் பதில் சொல்வார்கள் என்பதுதான் எனக்கு முடிவைத் தந்தது. பழகாத மொழி தேய்ந்துவிடும். எங்கள் வீட்டில் கன்னடம் பேச ஆளே இல்லை. வினைமுடிவுகளும் வேறு என்பதால், கன்னடத்தில் பேசினால் புரியும், ஆனால் வெளியூர்ப் பேச்சாகவே கேட்கும்.

வீட்டில் கற்பதில் சிக்கல், நாம் கொஞ்சம் தடுமாறினாலே எல்லாரும் மரியாதைக்காகத் தமிழுக்கு மாறிவிடுவது. அதற்காக அத்தையிடம் ஓர் ஏற்பாடு கேட்டுக்கொண்டேன். சாயங்கால டீயிலிருந்து ராத்திரிச் சமையல் முடியும்வரை என்னிடம் படுகு மட்டும். நான் தமிழில் பதில் சொல்லலாம். எடு, கழுவு, போதுமா, உப்பு பார் என்பவை கையசைவோடு வருவதால் அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. மறுநாளும் அதே வேலை, அதே சொற்கள். கேட்டது பழகிய பிறகு ஒற்றைச் சொல்லில் பதில், அப்புறம் முழு வாக்கியம். திருத்தம் எல்லாம் சமையல் முடிந்தபின், இல்லாவிட்டால் பேச்சு நின்றுபோகும். கணவரை ஆசிரியராக்க வேண்டாம் என்பேன். எங்கள் இருவருக்குள் தமிழ் அவ்வளவு ஊறிவிட்டது, பத்து நிமிஷம்கூடத் தாங்காது.

பலன் தெரிவது நாம் பேசும்போது அல்ல. அத்தையும் நாத்தனாரும் தேயிலை விலையைப் பற்றித் தங்களுக்குள் பேசுவது, யாரும் மொழிபெயர்க்காமலே நமக்குப் பிடிபடும்போதுதான்.

நான் பழகியது படுகர் பகுதிகளில் ஒன்றான பொறங்காடு சீமையின் ஒரே ஹட்டியில், அதுவும் சமையலறைப் பேச்சு. ஹெத்தை ஹப்பா என்கிற படுகர் திருவிழாவில் பெரியவர்கள் பாடுவதில் பாதி இன்னும் எனக்கு எட்டவில்லை. குந்தா சீமைக்காரர்கள் பேச்சு எப்படி என்று சொல்லும் அளவுக்குப் பழக்கமும் இல்லை. கணவர் குடும்பம் மைசூரிலோ பெங்களூரிலோ குடியேறி, வீட்டிலும் கன்னடமே புழங்குகிறது என்றால் கன்னடத்தையே முதலில் எடுங்கள். ஹட்டியில் மாமியாரோடு ஒரே அடுப்படி என்றால் நேராகப் படுகுதான்.