ஆடியில் சொல்வதா, ஆவணியில் சொல்வதா?

எங்கள் கோபிப் பக்கம் ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள். ஆவணி பிறந்ததும் ஜாதகங்கள் கைமாறத் தொடங்கிவிடும். நீங்களே ஒருவரைத் தேர்ந்து பழகிவருகிறீர்கள், அதை வீட்டில் சொல்லப்போகிறீர்கள் என்றால் இந்த வித்தியாசம் பெரிது.

என் சித்தி மகள் ஆவணியில் சொன்னாள். அதற்குள் சித்தப்பா ஓர் இடத்துக்கு வாக்குக் கொடுத்து, பெண் பார்க்க நாளும் குறித்திருந்தார். "அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்பதே சண்டையானது. பையன் எப்படிப்பட்டவன் என்று கேட்கவே மூன்று மாதம் ஆனது.

நான் ஆடியில் சொன்னேன். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு அம்மா திண்ணையில் உட்கார்ந்தபோது, "பழகிப் பார்க்கிறோம் அம்மா, இன்னும் முடிவெடுக்கவில்லை" என்றேன். காலிக் கேனைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன கூட்டம்?" கூட்டம் என்பது சாதிக்குள் இருக்கும் குலப்பிரிவு. ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை, பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதனால் முன்பே விசாரித்து வைத்திருந்தேன்.

வேறு சாதி என்றால் மாதக் கணக்கு மட்டும் போதாது. மிரட்டல் வரக்கூடிய வீடு என்று தெரிந்தால் தனியாகச் சொல்லாதீர்கள். சான்றிதழ்களை நம்பிக்கையான இடத்தில் வைத்துவிட்டு, தங்க வேறு இடமும் பார்த்தபிறகு பேசுங்கள்.

அப்பாவிடம் சொல்ல அம்மா பத்து நாள் எடுத்துக்கொண்டார். ஆவணியில் அந்தப் பத்து நாள் கிடைத்திருக்காது.