இசிஇ படிச்சவங்க சிஐஎஸ்எஸ்பி தகுதி பத்தி கேட்டு மெயில் போடலாமா, போட்டா எப்படி போடணும்?

எங்க டீம்ல ஒரு தம்பி, பிஇ இசிஇ, 2021 ஜூலைல எஸ்ஓசி-ல, அதாவது செக்யூரிட்டி கண்காணிப்பு டீம்ல, சேந்தவன். போன வருஷம் அதாவது 2025 மே மாசம் வந்து "அண்ணா, சிஐஎஸ்எஸ்பி எழுதலாம்னு இருக்கேன், என் டிகிரி கணக்குல வருமா"ன்னு கேட்டான். சிஐஎஸ்எஸ்பி-ங்கறது ஐஎஸ்சி2-ங்கற அமைப்பு தர்ற சைபர் செக்யூரிட்டி சர்டிஃபிகேட், மெயில் போறதும் அவங்களுக்குத்தான். ரூல் இதுதான்: அதோட பாடத்திட்டத்துல இருக்கற எட்டு டொமைன்ல குறைஞ்சது ரெண்டுல மொத்தம் அஞ்சு வருஷ அனுபவம் வேணும், கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி "அல்லது ரிலேட்டட் ஃபீல்ட்ஸ்"ல டிகிரி இருந்தா அதுல ஒரு வருஷம் கழிச்சுக்கலாம். இசிஇ அந்த ரிலேட்டட் ஃபீல்ட்ல வருதா இல்லையாங்கறதுதான் கேள்வி, அவனுக்கு அது சரியா ஒரு வருஷ கேள்வி. வந்தா 2025 ஜூலைல தகுதி, வரலேன்னா 2026 ஜூலை.

அவன் முதல்ல எழுதின மெயில் மூணே வரி. நான் இசிஇ படிச்சிருக்கேன், நான் தகுதியானவனா, தயவுசெஞ்சு சொல்லுங்க, அவ்ளோதான். இதுல பிரச்சனை என்னன்னா படிக்கிறவருக்கு முடிவெடுக்க எதுவுமே இல்ல. இசிஇ-ங்கற சுருக்கம் வெளிநாட்டுல இருக்கறவருக்கு புரியணும்னு அவசியமில்ல, "தகுதியானவனா"ன்னா பரீட்சைக்கா, அனுபவ கழிவுக்கான்னும் தெரியல (பரீட்சை எழுதறதுக்கு அனுபவமே தேவையில்ல, அது பாஸ் ஆனப்புறம்தான் பாப்பாங்க). இப்படி கேட்டா அந்த ரூல் வரியத்தான் திருப்பி அனுப்ப முடியும்.

ரெண்டாவதா நாங்க உக்காந்து மாத்தி எழுதினது கொஞ்சம் நீளம், ஆனா கேள்வி ஒண்ணுதான்: "இந்த டிகிரிய ஒரு வருஷ கழிவுக்கு ஏத்துக்குவீங்களா?" டிகிரி பேர சர்டிஃபிகேட்ல அச்சடிச்ச மாதிரியே முழுசா, நாலு வருஷ கோர்ஸ், முடிச்ச வருஷம், அப்புறம் மார்க்‌ஷீட்ல இருந்து பொருந்துற பேப்பர் மட்டும் நாலஞ்சு, கம்யூனிகேஷன் நெட்வொர்க்ஸ், சி-ல டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஒயர்லெஸ் நெட்வொர்க்ஸ் மாதிரி. ஆன்டெனா, மைக்ரோவேவ் எல்லாம் போடல, அதெல்லாம் போட்டா நம்ம வாதத்தத்தான் கெடுக்கும், ஆனா மார்க்‌ஷீட்ட முழுசா இணைச்சிட்டோம், எதையும் மறைச்ச மாதிரி இருக்கக்கூடாதுல்ல. கடைசியா ஒரு வரி, ஏத்துக்கலேன்னா வேற என்ன ஆவணம் குடுத்தா பரிசீலிப்பீங்கன்னு.

என்னை கேட்டா ரெண்டாவதுதான், சந்தேகமே இல்ல. ஆனா நல்லா எழுதின மெயிலுக்கும் ஒரு எல்லை இருக்கு. பாஸ் ஆனப்புறம் நம்ம அனுபவத்த உறுதிப்படுத்தற என்டார்ஸ்மென்ட் விண்ணப்பம் போடறப்பதான் டிகிரிய உண்மையா பாக்கறாங்க, அதனால முன்னாடி வர்ற பதில வழிகாட்டுதலா எடுத்துக்கணும், கையில கிடைச்ச அனுமதியா எடுத்துக்கக்கூடாது. பதில் வந்தா தேதியோட சேமிச்சு வெச்சு விண்ணப்பத்தோட இணைக்கணும்.

மெயிலே போடாம நேரா பரீட்சை எழுதிடலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதுக்கு இந்த கணக்க பாருங்க. பாஸ் ஆன தேதில இருந்து ஒன்பது மாசத்துக்குள்ள என்டார்ஸ்மென்ட் முடிக்கணும். இவன் 2025 ஆகஸ்ட்ல பாஸ் பண்ணா 2026 மே வரைக்கும்தான் டைம், டிகிரிய ஏத்துக்கலேன்னா அஞ்சு வருஷம் முடியறது ஜூலைல, ரெண்டு மாசம் இடிக்குது. பரீட்சை வீணாகாது, பாஸ் ஆகியும் அனுபவம் பத்தாதவங்களுக்கான அசோசியேட்டா இருந்துட்டு அனுபவம் சேந்ததும் மாறிக்கலாம், அதுக்கு ஆறு வருஷம் டைம் தர்றாங்க, ஆனா அதுவரைக்கும் ரெஸ்யூம்ல சிஐஎஸ்எஸ்பி-ன்னு போட்டுக்க முடியாது. அதே பரீட்சைய நவம்பருக்கு தள்ளி வெச்சா ஒன்பது மாசம் ஆகஸ்ட் வரைக்கும் போகும், டிகிரி விழுந்தாலும் அஞ்சு வருஷ அனுபவத்த வெச்சே உள்ள வந்துடலாம்.

இன்னொரு வழி, டிகிரி சண்டையே வேண்டாம்னு அவங்க ஒத்துக்கிட்ட லிஸ்ட்ல இருக்கற வேற சர்டிஃபிகேட் ஒண்ணு வெச்சு அந்த ஒரு வருஷத்த வாங்கறது. செக்யூரிட்டி ப்ளஸ் அப்ப அந்த லிஸ்ட்ல இருந்துச்சு, பேர் இருந்தா இருக்கு இல்லேன்னா இல்ல, "ரிலேட்டட்"ங்கற குழப்பமே கிடையாது. ஆனா தனி பரீட்சை, தனி காசு. லிஸ்ட் மாறும், பணம் கட்ற அன்னிக்கே பாத்துக்கணும். டிகிரி ஒண்ணு, சர்டிஃபிகேட் ஒண்ணுன்னு ரெண்டு வருஷமும் கழிக்க முடியாது, எப்படி பாத்தாலும் ஒரு வருஷம்தான்.

அதனால தம்பிக்கு நான் சொன்னது, ரெண்டாவது மெயில இன்னிக்கே அனுப்பு, பரீட்சைய நவம்பருக்கு புக் பண்ணு, செக்யூரிட்டி ப்ளஸ்க்கு இப்ப காசு போடாத. அன்னிக்கு சாயங்காலமே அனுப்பிட்டான், மார்க்‌ஷீட் ஸ்கேன் மங்கலா இருந்துச்சுன்னு ஜெராக்ஸ் கடைக்கு ஓடி மறுபடி எடுத்துட்டு வந்து.