5.47 சதவீதமா, 0.58 சதவீதமா? ஒரே விளம்பரக் கணக்குக்கு இரண்டு சிடிஆர்

மாதக் கடைசியில் விளம்பர ரிப்போர்ட் போடும்போது, கேம்பெய்ன் வாரியாக இருக்கும் சிடிஆரை, அதாவது காட்டிய தடவைகளில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது என்பதை, ஒரே எண்ணாகச் சுருக்கித் தரச் சொல்வார்கள். ஷீட்டில் அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து `AVERAGE` போட்டால் ஒரு எண் வரும். மொத்தக் கிளிக்கை மொத்த இம்ப்ரெஷனால், அதாவது விளம்பரம் காட்டப்பட்ட மொத்தத் தடவைகளால் வகுத்தால் இன்னொரு எண் வரும். இரண்டுக்கும் இடைவெளி கொஞ்சம்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சில கணக்குகளில் அது பத்து மடங்கை நெருங்கிவிடும்.

ஒரு ஜவுளிக் கடையின் கூகுள் விளம்பரக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட வசதியாக இருக்கட்டும் என்று எண்களை நானே வைத்திருக்கிறேன். ஆனால் விகிதங்கள் இப்படித் தாறுமாறாக இருப்பது வழக்கமான ஒன்றுதான்.

| கேம்பெய்ன் | இம்ப்ரெஷன் | கிளிக் | சிடிஆர் |
|---|---|---|---|
| கடைப் பெயர் சர்ச் | 2,000 | 240 | 12% |
| பொதுச் சர்ச் | 18,000 | 720 | 4% |
| டிஸ்ப்ளே | 4,80,000 | 1,920 | 0.4% |

கடைப் பெயரையே தட்டச்சு செய்து தேடுகிறவர் ஏற்கெனவே பாதி முடிவெடுத்தவர். அதனால் அங்கே சிடிஆர் எகிறும், ஆனால் அப்படித் தேடுகிறவர்கள் கொஞ்சம் பேர். டிஸ்ப்ளே, ஏதோ செய்தி படித்துக்கொண்டிருப்பவரின் பக்கத்தில் போய் நிற்பது. லட்சக்கணக்கில் காட்டப்படும், கிளிக் அபூர்வம். அதாவது சிடிஆர் உயர உயர இம்ப்ரெஷன் குறையும் கேம்பெய்ன்கள் ஒரே அட்டவணையில் உட்கார்ந்திருக்கின்றன. எளிய சராசரி தவறுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

முதல் வழி: 12, 4, 0.4 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 5.47%. இரண்டாவது வழி: 2,880 கிளிக்கை 5,00,000 இம்ப்ரெஷனால் வகுத்தால் 0.576%.

எது சரி என்று வாதாடவே வேண்டாம், திருப்பிப் பெருக்கிப் பார்த்தால் போதும். 5,00,000-ஐ 5.47 சதவீதத்தால் பெருக்கினால் 27,000 கிளிக்குக்கு மேல் வருகிறது. நடந்ததோ 2,880. மீதி 24,000 சொச்சம் கிளிக் எங்கே? எங்கேயும் இல்லை, அவை நடக்கவே இல்லை. எந்த ஒட்டுமொத்த விகிதத்தையும் அதன் மொத்த இம்ப்ரெஷனால் பெருக்கினால் உண்மையான கிளிக் எண்ணிக்கை திரும்பி வர வேண்டும். வராவிட்டால் வகுத்ததில் கோளாறு. ஒருவர் அனுப்பும் ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கிரிக்கெட்டில் இந்தத் தவறை யாரும் செய்ய மாட்டார்கள். ஒருவர் ஒரே பந்தில் சிக்ஸர் அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் நிற்கிறார், ஸ்ட்ரைக் ரேட் 600. இன்னொருவர் 60 பந்தில் 60, ஸ்ட்ரைக் ரேட் 100. இருவரும் சேர்ந்து 350 வேகத்தில் ஆடினார்கள் என்று யாராவது சொல்வார்களா? 61 பந்தில் 66 ரன், கிட்டத்தட்ட 108.

இரண்டாவது வழியில் நடப்பதும் சராசரிதான், ஆனால் ஒவ்வொரு கேம்பெய்னுக்கும் அதன் இம்ப்ரெஷன் பங்குக்கு ஏற்ற எடை கிடைக்கிறது. கடைப் பெயர் சர்ச்சின் பங்கு 0.4%, பொதுச் சர்ச் 3.6%, டிஸ்ப்ளே 96%. எளிய சராசரி மூன்றுக்கும் ஆளுக்கு 33.3% கொடுத்துவிடுகிறது. மொத்த இம்ப்ரெஷனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத கேம்பெய்ன், மூன்றில் ஒரு பங்கு ஓட்டை வாங்கிக்கொள்கிறது.

ஷீட்டில் இப்படி (B இம்ப்ரெஷன், C கிளிக், D சிடிஆர்):

```
=AVERAGE(D2:D4)
=SUM(C2:C4)/SUM(B2:B4)
=SUMPRODUCT(B2:B4,D2:D4)/SUM(B2:B4)
```

கடைசி இரண்டும் ஒரே விடை தரும். கிளிக் எண்ணிக்கை கையில் இருந்தால் இரண்டாவதே போதும். சிடிஆரும் இம்ப்ரெஷனும் மட்டும் கிடைத்தால் மூன்றாவது. ஆனால் சிடிஆர் ஏற்கெனவே ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கப்பட்டு வந்திருந்தால், டிஸ்ப்ளே போன்ற பெரிய வரிசையில் அந்தச் சின்னப் பிசகு சில நூறு கிளிக்காகப் பெருகிவிடும். பிவட் டேபிளில் சிடிஆரை இழுத்துப் போட்டு ஆவரேஜ் என்று வைப்பதும், நாள் வாரி சிடிஆரைக் கூட்டி 30-ஆல் வகுப்பதும் அதே எளிய சராசரிப் பிழைதான். லுக்கர் ஸ்டுடியோவில் `SUM(Clicks)/SUM(Impressions)` என்று ஒரு கால்குலேட்டட் ஃபீல்டு எழுதிவிட்டால் எந்த வடிகட்டியைப் போட்டாலும் சரியாக வரும்.

எடை போட வேண்டும் என்று தெரிந்தவர்களும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. இம்ப்ரெஷனுக்குப் பதிலாகக் கிளிக்கை எடையாக வைப்பார்கள். நம் அட்டவணையில் அப்படிச் செய்தால் 2.27% வரும். பார்க்க நம்பும்படி இருக்கிறது, அதுதான் ஆபத்து. விகிதத்தின் கீழே எது இருக்கிறதோ அதுவே எடை. சிடிஆருக்கு இம்ப்ரெஷன். கன்வெர்ஷன் ரேட்டுக்கும் ஒரு கிளிக்குக்கு ஆகும் செலவுக்கும்தான் கிளிக்.

சரி, 0.576% உண்மை. அதை மட்டும் வைத்துக்கொண்டு மாதத்துக்கு மாதம் ஒப்பிடலாமா? இங்கேதான் எடையிட்ட எண்ணும் நம்மைத் திசைதிருப்பும். அடுத்த மாதம் தீபாவளிக்காக டிஸ்ப்ளேயை இரட்டிப்புக்கு மேல் ஏற்றுகிறார்கள். கடைப் பெயர் சர்ச் 2,000 இம்ப்ரெஷனுக்கு 260 கிளிக் (13%), பொதுச் சர்ச் 18,000-க்கு 810 (4.5%), டிஸ்ப்ளே 9,80,000-க்கு 4,410 (0.45%). மூன்றுமே முன்னேறியிருக்கின்றன. ஆனால் மொத்தம் 10,00,000-க்கு 5,480, அதாவது 0.548%. இறங்கிவிட்டது!

கணக்கில் தப்பு இல்லை. டிஸ்ப்ளேயின் பங்கு 96-லிருந்து 98 சதவீதமாகியிருக்கிறது, குறைந்த சிடிஆர் உள்ள பக்கம் எடை கூடிவிட்டது. புள்ளியியலில் இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். எளிய சராசரியோ 5.47-லிருந்து 5.98-க்கு ஏறி, எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லும். திசையை அது சரியாகச் சொன்னது போலத் தோன்றினாலும் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி, அந்த 2,000 இம்ப்ரெஷனில் கூடிய 20 கிளிக்கால் வந்தது.

இந்த இடத்துக்கு மூன்றாவது ஒரு வழி இருக்கிறது: புது மாதத்தின் சிடிஆர்களுக்குப் பழைய மாதத்தின் எடைகளையே போடுவது. 13-க்கு 0.4%, 4.5-க்கு 3.6%, 0.45-க்கு 96% எடை என்று பெருக்கிக் கூட்டினால் 0.646%. ஆக, விளம்பரங்கள் மேம்பட்டதால் 0.070 ஏறியது, கலவை மாறியதால் 0.098 இறங்கியது, மிச்சம் 0.028 இறக்கம். கடைக்காரருக்கு "சிடிஆர் விழுந்துவிட்டது" என்று ஒரு வரியில் சொல்வதற்கும் இந்தப் பிரிப்பைக் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. முதலாவதைக் கேட்டால் அவர் நன்றாக ஓடும் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லக்கூடும்.

அப்படியானால் எளிய சராசரிக்கு வேலையே இல்லையா? எல்லாக் கேம்பெய்னும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டப்பட்டிருந்தால் இரண்டும் ஒன்றுதான், எதை எடுத்தாலும் பாதகமில்லை. கேள்வியே வேறாக இருந்தாலும் அது பொருந்தும். ஐம்பது சர்ச் கேம்பெய்ன்கள் இருக்கின்றன, சாதாரணமாக ஒரு கேம்பெய்ன் எவ்வளவு சிடிஆர் எடுக்கிறது என்று கேட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டு என்பது நியாயம். அங்கேயும் நான், வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணான மீடியனைத்தான் எடுப்பேன். 40 இம்ப்ரெஷனில் தற்செயலாக 6 கிளிக் வாங்கி 15% காட்டும் கேம்பெய்ன் ஒன்று எப்படியும் இருக்கும், அது சராசரியை இழுக்கிற அளவுக்கு மீடியனை இழுக்க முடியாது.