24/31 கட்டம்: காலண்டர் படத்தைத் தேதிப் பட்டியலாக்கி நாலு வருஷம்

போன வாரம் நண்பன் ஒருவன் 2026 காலண்டரின் 12 பக்கங்களையும் படமாக அனுப்பி, "விடுமுறைகளை மட்டும் எடுத்து போன் காலண்டரில் ஏற்றணும், உன்கிட்ட ஒரு ஸ்க்ரிப்ட் இருக்குமே, அனுப்பு" என்றான். நாலு வருஷமாக நான் பயன்படுத்தும் ஸ்க்ரிப்ட்தான், உடனே அனுப்பியிருக்கலாம். ஆனால் மே மாதப் பக்கத்தைத் திறந்து பார்த்ததும் கை நின்றுவிட்டது. கடைசி வரிசையின் முதல் கட்டத்தில் 24/31 என்று குறுக்குக் கோடு போட்டு இரண்டு தேதிகள் உட்கார்ந்திருந்தன. அந்தக் கட்டத்தோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த முறையில் நல்லது நிறையவே இருக்கிறது. ஆரம்பத்தில் எல்லாரையும் போல நானும் ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் எண்ணை, படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் வைத்துப் படிக்கத்தான் பார்த்தேன். 1 என்பது 7 ஆனது, 8 என்பது 3 ஆனது, விடுமுறைக்குப் போட்ட வட்டம் எண்ணோடு ஒட்டிக்கொண்டு 5 என்பது 6 ஆனது. அதைவிட மோசம், முதல் வரிசையில் போன மாதத்தின் தேதிகளைச் சாம்பல் நிறத்தில் போட்டிருப்பார்களே, அவற்றையும் அது சேர்த்துப் படித்துவிடும். ஒரே மாதத்தில் இரண்டு 30ஆம் தேதிகள் வந்தன.

அப்புறம்தான் புரிந்தது, எண்ணைப் படிக்கவே வேண்டாம். மாதமும் வருஷமும் தெரிந்தால் எந்தக் கட்டத்தில் எந்தத் தேதி என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். படத்திலிருந்து எடுக்க வேண்டியது, எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறது என்பதை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கும் காலண்டருக்கு மொத்தக் கணக்கும் இவ்வளவுதான்:

```
ofs = (calendar.weekday(y, m, 1) + 1) % 7
day = row*7 + col - ofs + 1
```

`ofs` என்பது முதல் தேதிக்கு முன்னால் வரும் கட்டங்களின் எண்ணிக்கை. வரிசையும் பத்தியும் 0இலிருந்து எண்ணப்படுகின்றன. `calendar.weekday` திங்களை 0 என்று வைத்திருப்பதால் ஒன்றைக் கூட்டுகிறோம். திங்களில் தொடங்கும் காலண்டர் என்றால் அந்த `+ 1` வேண்டாம். இதைக் கவனிக்காமல் விட்டால் எல்லாத் தேதிகளும் ஒரு நாள் தள்ளிப்போகும், ஆகவே படத்தின் தலைப்பு வரிசையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். சாம்பல் நிறத் தேதிகளின் தொல்லை இதில் தானாகவே தீர்ந்துபோகிறது. அந்தக் கட்டங்களுக்கு விடை 0, -1, -2 என்றோ அந்த மாதத்தின் கடைசித் தேதிக்கு மேலோ வரும், தூக்கிப் போட்டுவிடலாம். முதல் தடவை இதை ஓட்டிவிட்டு ஒரு தேதிகூடத் தப்பாமல் வந்ததைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

நிறத்தைப் பிடிப்பதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். சிவப்பு என்பது, படங்களை அலச நான் பயன்படுத்தும் ஓப்பன்சிவி நூலகத்தின் நிறச் சக்கரத்தில் இரண்டு முனைகளிலும் இருக்கிறது, 0 பக்கமும் 179 பக்கமும். ஒரு முனையை மட்டும் பார்த்தால் பாதிச் சிவப்பு கைவிட்டுப் போகும். இன்னொன்று, மெசேஜில் கைமாறிக் கைமாறி வரும் ஜேபெக் படங்களில் நிறத் தகவலை வெளிச்சத்தைவிடக் குறைந்த துல்லியத்தில்தான் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அகலத்திலும் உயரத்திலும் பாதி பாதி. கட்டம் முழுக்கச் சிவப்பு நிரப்பியிருந்தால் இது தெரியாது. ஆனால் மெல்லிய சிவப்பு எண் என்றால் நிறம் சுற்றியுள்ள வெள்ளையில் கரைந்து பழுப்பாகத் தெரியும். அதனால் நான் இவ்வளவு சிவப்பு இருந்தால் விடுமுறை என்று நிலையான அளவு எதையும் வைப்பதில்லை, அதே படத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பத்தியில் எவ்வளவு சிவப்பு தெரிகிறதோ அதையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன், மங்கலான படத்தில் ஞாயிறும் மங்கலாகத்தானே இருக்கும். முடிந்தால் அனுப்புகிறவரிடம் படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், பாதி வேலை குறையும்.

ஞாயிற்றுக்கிழமையிலேயே விழும் விடுமுறையை நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அது எப்படியும் சிவப்புதான். கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பெயர்ப் பட்டியலிலிருந்துதான் அதை எடுக்க வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, படத்தில் இல்லாததை எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன்.

மார்ச் 2025. முதல் தேதி சனிக்கிழமை. ஞாயிறில் தொடங்கும் காலண்டரில் முதல் வரிசையில் ஆறு கட்டங்கள் காலி, ஏழாவதில் 1. அடுத்த வரிசையில் 2 முதல் 8 வரை, பிறகு 9 முதல் 15, 16 முதல் 22, 23 முதல் 29. ஐந்து வரிசைகள் முடிந்துவிட்டன, இன்னும் 30, 31 மிச்சம். நேர்மையான காலண்டர் ஆறாவது வரிசை போடும். என்னிடம் இருந்தது ஐந்தாவது வரிசையிலேயே ஞாயிறை 23/30 என்றும் திங்களை 24/31 என்றும் பிரித்துவிட்டது. அந்த மாதம் விடுமுறை 31ஆம் தேதி, திங்கள்கிழமை. ஸ்க்ரிப்டுக்குத் தெரிந்தது ஐந்தாவது வரிசை, இரண்டாவது பத்தி, சிவப்பு இருக்கிறது. `4*7 + 1 - 6 + 1`, விடை 24. பட்டியலில் மார்ச் 24 என்று எழுதிவிட்டது.

எங்கள் குழுவில் பதினொரு பேர், எல்லாரும் என் பட்டியலைத்தான் போனில் ஏற்றியிருந்தார்கள். 24ஆம் தேதி இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. 31ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஒரு முக்கியமான சந்திப்பை வைத்திருந்தேன், நான் மட்டும் போய் நின்றேன். வந்தவர், வராதவர் எல்லாரிடமும் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

என்னை இன்றுவரை உறுத்துவது அந்த அவமானம்கூட இல்லை. பிழையைப் பிடிப்பதற்கென்றே ஒரு சோதனை வைத்திருந்தேன், அது வாயைத் திறக்கவில்லை. பட்டியலில் வரும் ஒவ்வொரு தேதிக்கும் கிழமையைக் கணக்கிட்டு, படத்தில் அந்தப் பத்தியின் தலைப்போடு ஒத்துப் பார்ப்பேன். பத்தி ஒன்று தள்ளிப்போனாலும் காலண்டர் திங்களில் தொடங்கினாலும் இந்தச் சோதனை கத்திவிடும், அதை நம்பித்தான் மூன்று வருஷம் நிம்மதியாக இருந்தேன். ஆனால் 24க்கும் 31க்கும் இடையே சரியாக ஏழு நாள். இரண்டுமே திங்கள். தப்பான தேதி சரியான கிழமையோடு வந்து நின்றால் எந்தச் சோதனை பிடிக்கும்?

இப்போது வேறு மாதிரிப் பிடிக்கிறேன். மாதத்துக்கு எத்தனை வரிசைகள் தேவை என்பதை முதலில் கணக்கிடுகிறேன், காலிக் கட்டங்களையும் நாட்களையும் கூட்டி ஏழால் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் போதும்:

```
need = math.ceil((ofs + ndays) / 7)
```

மார்ச் 2025க்கு 6 + 31, அதாவது 37, அதனால் ஆறு. படத்தில் கோடுகளை எண்ணினால் ஐந்து வரிசைகள்தான் இருக்கின்றன. தேவை ஆறு, இருப்பது ஐந்து என்றால் பகிர்ந்த கட்டம் இருக்கிறது என்று அர்த்தம், ஸ்க்ரிப்ட் அங்கேயே நின்று என்னிடம் கேட்கும். முன்பு தூக்கிப் போட்ட ஓசிஆரும் இந்த ஒரு இடத்தில் உதவுகிறது. அந்தக் கட்டத்தை மட்டும் இப்படிக் கொடுத்துப் பார்க்கிறேன்:

```
tesseract cell.png - --psm 8 -c tessedit_char_whitelist=0123456789
```

24/31 என்பது 2431 என்றோ, குறுக்குக் கோட்டை 1 என்று எடுத்துக்கொண்டு 24131 என்றோ வரும். எண்ணாகப் பார்த்தால் குப்பை. ஆனால் இரண்டு இலக்கத்துக்கு மேல் வந்தாலே கட்டத்தில் இரண்டு தேதிகள் இருக்கின்றன என்று தெரிந்துவிடுகிறது, எனக்கு வேண்டியது அதுதான்.

பிறகு கட்டத்தைக் குறுக்குக் கோட்டின் வழியாக இரண்டு முக்கோணமாக வெட்டி, எந்தப் பாதியில் சிவப்பு என்று தனித்தனியாக எண்ண வேண்டும். இடது மேல் பாதி 24, வலது கீழ்ப் பாதி 31. எண்ணுக்கே நிறம் கொடுத்திருந்தால் இது நன்றாக வேலை செய்கிறது. கட்டம் முழுவதற்கும் நிறம் அடித்திருந்தால் தோற்றுவிடுகிறது, அப்போது கீழே இருக்கும் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் இரண்டு பாதியுமே சிவப்பு, அங்கேயும் இதே கதைதான்.

இதற்கு நேர்எதிர் பிப்ரவரி 2026. முதல் தேதி ஞாயிறு, 28 நாள், சரியாக நாலு வரிசை. வழக்கம்போல உயரத்தை ஐந்தால் வகுத்துவிட்டால் எல்லாம் குலையும். அதனால் சமமாக வகுப்பதை விட்டுவிட்டு கோடுகளைத் தேடித்தான் வெட்டுகிறேன்.

கடைசியில் காலண்டர் கோப்பை எழுதும் இடத்தில் ஒரு சின்ன விஷயம். முழுநாள் நிகழ்வின் முடிவுத் தேதி நிகழ்வில் சேராது, அடுத்த நாளைப் போட வேண்டும்:

```
DTSTART;VALUE=DATE:20250331
DTEND;VALUE=DATE:20250401
```

ஒரு நாள் விடுமுறைக்கு `DTEND` வரியையே விட்டுவிடலாம், ஒரு நாளாகவே எடுத்துக்கொள்ளப்படும். மூன்று நாள் விடுமுறைகளில்தான் பலரும் கடைசி நாளையே முடிவாக எழுதி ஒரு நாளை இழக்கிறார்கள். `VALUE=DATE` போடாமல் நள்ளிரவு நேரத்தோடு எழுதிவிட்டால் நேர மண்டலம் மாறும்போது விடுமுறை முந்தைய நாளுக்கு நழுவலாம், அதையும் ஒருமுறை அனுபவித்திருக்கிறேன்.

நாலு வருஷத்தில் 48 மாதங்களை இதில் ஓட்டியிருக்கிறேன், விடுமுறைத் தேதி தப்பியது அந்த ஒரு மாதம்தான். எண்ணிக்கையைப் பார்த்தால் நான் இந்த முறையை மனம் திறந்து பாராட்ட வேண்டும், பாராட்டவும் செய்கிறேன். ஆனாலும் நண்பனுக்கு ஸ்க்ரிப்டை அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. அவன் வரிசையை எண்ண மாட்டான், ஸ்க்ரிப்ட் நின்று கேட்டால் எரிச்சலில் என்டர் தட்டிவிடுவான், எனக்குத் தெரியும். 2026இல் ஆறு வரிசை வேண்டிய மாதங்கள் மேயும் ஆகஸ்டும். ஆகஸ்ட் அச்சு அசல் மார்ச் 2025 மாதிரியே, முதல் தேதி சனிக்கிழமை, கடைசியில் 23/30, 24/31. பத்து மாதங்களை ஓட்டிப் பட்டியலாக எடுத்தேன், அந்த இரண்டையும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் தட்டினேன், கோப்பை மட்டும் அனுப்பினேன். ஸ்க்ரிப்ட் எங்கே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.